சம்பளத்தை நாங்களே பார்த்துக்கொள்றம் எண்டு ரெண்டு வீட்டுக்கும் எழுதின கடிதம் (அனுபவப் பகிர்வு)

களுவாஞ்சிக்குடிப் பொண்ணு:
எங்கட பக்கத்து வழக்கப்படி கட்டின கையோட இவர் எங்கட வீட்டுக்கு வந்திட்டார். இவர்ட சம்பளம் தம்பிலுவில்ல மாமிக்குப் போகும், தங்கச்சிக்குக் கட்டுற வீட்டுக்கு. என்ட ஏ.டி.எம். காட் அம்மாட அலுமாரிக்குள்ள. ரெண்டு பேரும் உழைச்சும், பஸ்ஸுக்குக் காசு கேட்டுத்தான் வாங்க வேண்டிய நிலைமை. வாயால சொன்னா அழுகையில முடியும் எண்டு எழுதிக் குடுத்தம். கேட்ட ஆக்களுக்காக, பேர்களை எடுத்திட்டுப் போடுறன்:

> அன்புள்ள அம்மா, அப்பா, மாமி, மாமா,
>
> இதே கடிதம் மற்ற வீட்டுக்கும் போகிறது, ஒரு சொல்லும் மாறாமல். யாருக்கு எவ்வளவு என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியட்டும்.
>
> தை மாதம் தொடக்கம் எங்கள் சம்பளத்தை நாங்களே எடுத்துச் செலவு செய்யப் போகிறோம். உங்களில் குறை கண்டு எடுத்த முடிவு இல்லை. நாளைக்கு ஒரு பிள்ளை வந்தால் எவ்வளவு மிஞ்சும் என்று எங்களுக்கே இப்போது தெரியாது.
>
> அம்மா வீட்டில் நாங்கள் இருந்து சாப்பிடுவதால் மாதம் 18,000 ரூபாவும் கரண்ட் பில்லும் எங்களுடையவை. அப்பாவின் விதைப்புக்கு ஐப்பசியில் 40,000 தருவோம். அதைத் திருப்பித் தர வேண்டாம். அறுவடைக்குப் பிறகு வீட்டுக்கு அரிசி எடுத்துவைப்பது போல வைத்தால் போதும்.
>
> மாமிக்கு மாதம் 10,000. வீட்டு வேலைக்கு எடுத்த இடர்க் கடன் இவருடைய சம்பளத்தில்தான் கழிகிறது, அது முடியும்வரை அப்படியே கழியட்டும். மாமி எடுத்த சீட்டுக்கு இன்னும் 13 மாதம் இருக்கிறது, அதையும் மாதா மாதம் நாங்களே கட்டுவோம்.
>
> மருந்து, ஆசுபத்திரிச் செலவு இந்தக் கணக்கில் இல்லை. அது வந்தால் இரவென்றாலும் எங்களைக் கூப்பிடுங்கள். புதிதாகக் கடன் எடுக்கவோ பிணை நிற்கவோ வேண்டும் என்றால் முதலில் எங்களிடம் கேளுங்கள்.
>
> காட்டை அம்மாவிடம் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அம்மா வாசிச்சிட்டு ஒண்டும் பேசல்ல. காட்டை எடுத்து மேசையில வச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

தாழங்குடாத் தம்பி:
அக்கா, புருசன் பொஞ்சாதிக்குள்ள காசைப் பிரிச்சா குடும்பம் நடக்குமா? உன்ட சம்பளம் என்ட சம்பளம் எண்டு வந்தா நாளைக்குப் பிள்ளைக்குப் பால்மா ஆர் வாங்குற?

களுவாஞ்சிக்குடிப் பொண்ணு:
தம்பி, கடிதத்தை இன்னொருக்கா வாசிங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே கொப்பியிலதான் கணக்கு எழுதுறம். பிரிச்சது பெத்த ஆக்கள்ட கையில இருந்துதான்.

கச்சேரி ஓய்வு:
நான் நிதிப் பிரிவில இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கடிதத்தில எனக்குப் பெறுமதியாத் தெரிஞ்சது சீட்டு வரிதான். 20 பேர், ஆளுக்கு 5,000, கைக்கு ஒரு இலட்சம் எண்டு வைப்பம். மாமி ஏழாம் சீட்டை எடுத்திருப்பா, வீட்டு வேலைக்கும் போயிருக்கும். மிச்சம் 13 மாதம், 65,000 கட்ட இருக்கு. மகன்ட சம்பளத்தை நம்பித்தான் அவ சேர்ந்திருப்பா. நீங்க திடீரெண்டு நிப்பாட்டினா சீட்டுத் தலைவி உங்கட வாசலுக்கு வரமாட்டா, மாமிட வாசலுக்குத்தான் போவா. மனுசி காதில கழுத்தில கிடக்கிறதை அடகு வைக்கும். எங்கட ஊரில ஒரு குடும்பம் இதாலதான் இண்டைக்கும் நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்தில்லாம இருக்கு. அதனால எழுத முந்தி, ஆர்ட பேரில என்ன கட்ட இருக்கெண்டு கேட்டு எழுதிக்கொள்ள வேணும்: சீட்டு, அடகு, கூட்டுறவுக் கடன், கடைக் கொப்பி. கேட்டாலும் முழுக்கச் சொல்லமாட்டாங்க. அடகுச் சீட்டு கடைசியாத்தான் வெளியில வரும்.

இன்னொண்டு. சம்பளச் சீட்டில எல்லாம் கழிச்சுக் கைக்கு வாறதை வச்சுத்தான் பங்கு போட வேணும். கனபேர் மொத்தச் சம்பளத்தை வச்சு வாக்குக் குடுத்திட்டு மூண்டாம் மாதமே முழிக்கிறாங்க.

களுவாஞ்சிக்குடிப் பொண்ணு:
ஓம் ஐயா, அப்படித்தான் செய்தம். இவருக்கு இடர்க் கடன் கழிச்சு 52,000. நான் தனியார் வேலை, ஈ.பி.எப். 8 வீதம் போய் 45,000. கூட்டினா 97,000. எங்கட வீட்டுக்கு 18,000, மாமிக்கு சீட்டோட 15,000, மோட்டார் சைக்கிள் லீசிங் 13,000. மிஞ்சுற 51,000இல கரண்ட் பில், போக்குவரத்து, ஐப்பசிக்குச் சேர்க்கிற காசு எல்லாம் அடங்க வேணும். விதைப்புக் காசை மாதம் 4,000 படி ஒதுக்கினா தை தொடக்கம் ஐப்பசி வரைக்கும் 10 மாதத்தில 40,000 வரும்.

தாழங்குடாத் தம்பி:
சரி, விளங்கிட்டு. ஆனா கடிதமே தேவையில்லையே. தேசவழமையில கலியாணத்துக்குப் பிறகு உழைக்கிறது புருசன் பொஞ்சாதிட தேடியதேட்டம். தாய் தகப்பனுக்கு அதில சட்ட உரிமை இல்ல.

கச்சேரி ஓய்வு:
முடிவு சரி தம்பி, போன பாதை பிழை. தேசவழமை யாழ்ப்பாணத்தாருக்கு. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்குப் பொதுச் சட்டம். உழைக்கிற ஆளுக்குத்தான் சம்பளம் சொந்தம். ஆனா முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் ஒண்டிருக்கு. தங்களைத் தாங்களே பார்க்க வழியில்லாத பெற்றோரைப் பிள்ளைகள் கைவிட ஏலாது, பெற்றோர் பராமரிப்புச் சபைக்கு முறைப்பாடு குடுக்கலாம். அதனால "இனித் தரமாட்டம்" எண்டு எழுதுறதும் "இவ்வளவு தருவம்" எண்டு எழுதுறதும் ஒண்டில்ல.

அக்கரைப்பற்று ராத்தா:
எங்களுக்கயும் மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்குத்தான் வாற. என்ட தம்பி கடிதமும் எழுதல்ல, வாயாலயும் சொல்லல்ல. இரவோட இரவா பின் நம்பரை மாத்திட்டான். பெருநாளைக்கு ரெண்டு நாளைக்கு முந்தி உம்மா காட்டை எடுத்துக்கொண்டு போய், அந்தச் சனத்துக்க நிண்டு பழைய நம்பரையே திருப்பித் திருப்பி அடிச்சிருக்கா. மிசின் காட்டை விழுங்கிட்டு. பின்னால நிண்டவங்க "ஆர்ட காட் உம்மா?" எண்டு கேட்டிருக்காங்க. தம்பி பிறகு எவ்வளவு குடுத்தும் அந்தக் கேள்வியை உம்மா மறக்கல்ல. நீங்க நேரில போய் காட்டை வாங்கினது நல்ல வேலை புள்ள.

ஒண்டு மட்டும் எனக்குச் சரியாப் படல்ல. ரெண்டு வீட்டுக்கும் ஒரே கடிதம் எண்டா, உங்கட மாமி 18,000த்தையும் 10,000த்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பார்ப்பா. மகனைக் குடுத்திட்டு குறைஞ்ச பங்கா எண்டு நினைக்காதா?

களுவாஞ்சிக்குடிப் பொண்ணு:
நினைச்சாதான் ராத்தா. போனில அதைத்தான் முதல் கேட்டா. சாப்பாடும் அதுக்குள்ளதான், சீட்டையும் கடனையும் சேர்த்தா உங்கட பங்குதான் கூட எண்டு இவர் கணக்குச் சொன்னார். கேட்டுக்கொண்டா, மனசு ஆறிச்சா தெரியாது. ஆனா வேற வேறயா எழுதியிருந்தா, கண்ணகி அம்மன் சடங்குக்கு ரெண்டு பேரும் சந்திக்கக்குள்ள தொகை ரெண்டு மடங்காகித்தான் ஊருக்குள்ள திரிஞ்சிருக்கும்.

கச்சேரி ஓய்வு:
13 மாதம் முடிஞ்சா அந்த 5,000 எங்க போகும் எண்டு கடிதத்தில இல்லையே. மாமி அடுத்த சீட்டுக்குப் பேர் குடுக்க முந்தி அதைப் பேசிக்கொள்ளுங்க.

களுவாஞ்சிக்குடிப் பொண்ணு:
அதிலதான் எங்களுக்குள்ளயே ஒத்துவரல்ல ஐயா. தங்கச்சிட வீட்டுக்குக் கூரை முடியும்வரை குடுப்பம் எண்டுறார் இவர். கூரை எப்ப முடியும் எண்டு கேட்டா மேசனாருக்கும் தெரியாது. இப்போதைக்கு மாமி ஒண்டுதான் கேட்டிருக்கா: சீட்டுக் காசை மாத முடிவுக்கு விடாம 25ஆம் திகதியே போடட்டாம், சீட்டு கூறுற நாள் 27 எண்டு.