ஸ்டேட்டஸில் தினமும் மெனு போடுகிறேன், பாதிப் பேருக்கு மேல் பார்க்கவே இல்லை. எங்கே தப்பு?

மதியச்சாப்பாடு_பெரும்பாக்கம்

வணக்கம். பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய அபார்ட்மெண்ட்டில் குடியிருக்கிறோம். எட்டு மாதமாக வீட்டிலேயே மதியச் சாப்பாடு செய்து எங்கள் பிளாக்குக்கும் பக்கத்துப் பிளாக்குகளுக்கும் கொடுத்து வருகிறேன். இரவு ஒன்பது மணிக்கு மறுநாள் மெனுவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவேன். காலை எட்டரைக்குள் சொல்பவர்களுக்குச் சமைப்பேன். சாப்பாடு 90 ரூபாய்.

என் போனில் 140 வீட்டு எண்கள் இருக்கின்றன. எல்லாம் நானே கேட்டு வாங்கி சேவ் செய்தவை. ஆனால் ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள் என்று 38 பேர்தான் காட்டுகிறது. ஆர்டரும் 14, 15க்கு மேல் ஏறவில்லை. லிஃப்டில் பார்க்கும்போது "இப்பல்லாம் செய்யறதில்லையா?" என்று கேட்கிறார்கள். தினமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. போன வியாழன் காலை ஏழரைக்கு ஒருவர் "ரெண்டு சாப்பாடு" என்று அனுப்பினார். சரி என்று சொல்லிவிட்டேன். கொண்டுபோய்க் கொடுத்தால், "வத்தக்குழம்புன்னு போட்டிருந்தீங்களே, இது சாம்பாரா இருக்கே" என்கிறார். வத்தக்குழம்பு புதன்கிழமை மெனு. வீட்டில் பெரியவருக்கு ஆசையாக இருந்ததாம். மனசு கேட்காமல் பணம் வாங்காமல் வந்துவிட்டேன்.

நாவலூர்_தம்பி

அக்கா, ஒன்றே ஒன்று போட்டால் கீழே போய்விடும். ஒரு நாளைக்கு ஏழெட்டு ஸ்டேட்டஸ் போடுங்கள். காய் நறுக்குவது, குழம்பு கொதிப்பது என்று போட்டுக்கொண்டே இருந்தால் மேலே வரும். அப்புறம், மெசேஜ் லிங்க்கை கியூஆர் கோடாக்கி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். ஸ்கேன் செய்தால் நேராக உங்கள் சாட் திறக்கும்.

டிபன்_பாக்ஸ்_மேடவாக்கம்

ஆறு வருடமாக இதே வேலைதான் செய்கிறேன். முதலில் இதைப் பாருங்கள்: அந்த 140 பேரில் எத்தனை பேர் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேவ் செய்திருக்கிறார்கள்? நீங்கள் அவர்களை சேவ் செய்தால் மட்டும் போதாது. இரண்டு பக்கமும் சேவ் ஆகியிருந்தால்தான் ஸ்டேட்டஸ் தெரியும். பழைய சாட் இருக்கும், ஆர்டர் கூட முன்பு கொடுத்திருப்பார்கள், ஆனால் உங்கள் எண் அவர்களிடம் வெறும் எண்ணாகவே கிடக்கும். லிஃப்டில் கேட்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 140 பேரையும் ஒரே பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் போடுங்கள். 256 பேர் வரை சேர்க்கலாம். அதில் ஒரே ஒரு மெசேஜ் அனுப்புங்கள். உங்களை சேவ் செய்யாதவர்களுக்கு பிராட்காஸ்ட் போகாது. ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு, அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து Info பாருங்கள். யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பெயரோடு வரும். மீதிப் பேர்தான் நீங்கள் தேடும் ஆட்கள். போனை அணைத்து வைத்தவர் ஒன்றிரண்டு பேர் அதில் கலந்திருக்கலாம்.

தம்பி சொன்ன கியூஆர் புது ஆட்களைப் பிடிக்க நல்லதுதான். ஆனால் அதை ஸ்கேன் செய்தால் சாட் திறக்குமே தவிர எண் சேவ் ஆகாது. அன்றைக்கு ஆர்டர் வரும், மறுநாள் ஸ்டேட்டஸ் அவருக்குத் தெரியாது. ஏழெட்டு போடுவதும் வேண்டாம். கொதிக்கிற குழம்பைத் தள்ளித் தள்ளி மெனுவுக்கு வருவதற்குள் சலித்துப்போய் மியூட் செய்துவிடுவார்கள்.

வத்தக்குழம்பு விஷயம்: ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் உயிரோடு இருக்கும். செவ்வாய் இரவு ஒன்பதுக்குப் போட்டது புதன் இரவு ஒன்பது வரை நிற்கும். அவர் புதன் மதியம் அதைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, வியாழன் காலை ஆர்டர் சொல்லியிருப்பார். எட்டரை மணிக்கு ஆர்டர் முடிந்ததும் அந்த ஸ்டேட்டஸை அழித்துவிடுங்கள். படத்தின் மேலேயே "வியாழன் மதியம்" என்று பெரிதாக எழுதுங்கள். 'நாளை' என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள், பார்க்கிற நேரத்தைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறிவிடும். ஆர்டர் வந்ததும் "சரி" என்று விடாமல், "வியாழன், முருங்கைக்காய் சாம்பார், 2" என்று திருப்பி அனுப்புங்கள்.

சிறுசேரி_வாடகைவீடு

எங்கள் அசோசியேஷனில் குடியிருப்போர் குரூப்பில் விற்பனை மெசேஜ் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இட்லி மாவு விற்ற ஒருவரைக் குரூப்பை விட்டே எடுத்துவிட்டார்கள். நீங்கள் அனுமதி வாங்கினீர்களா? எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண் இருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

மதியச்சாப்பாடு_பெரும்பாக்கம்

நான் குரூப்பில் எதுவும் போடுவதில்லை, ஸ்டேட்டஸ் மட்டும்தான். பதிவு ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டேன், எண்ணை பில்லில் எழுதியிருக்கிறேன்.

மேடவாக்கம் அக்கா, நேற்று பிராட்காஸ்ட் அனுப்பிப் பார்த்தேன். 140ல் 61 பேருக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது! அப்படியென்றால் 79 பேரிடம் என் எண்ணே இல்லை. ஆனால் அந்த 61லும் 38 பேர்தான் ஸ்டேட்டஸ் பார்த்ததாகக் காட்டுகிறது. மீதி 23?

டிபன்_பாக்ஸ்_மேடவாக்கம்

அந்த 23ஐ அப்படியே விடுங்கள். அதில் சிலர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். ப்ளூ டிக்கை அணைத்து வைத்தவர்கள் பார்த்தாலும் உங்கள் பட்டியலில் பெயர் வராது. சிலர் ஸ்டேட்டஸ் பக்கமே போகாதவர்கள்.

79 பேரிடம்தான் வேலை இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே மெசேஜைக் காப்பி செய்து வரிசையாக அனுப்பாதீர்கள். சேவ் செய்யாத எண்ணிலிருந்து வருவதை நாலைந்து பேர் ரிப்போர்ட் செய்தால் உங்கள் எண்ணையே முடக்கிவிடலாம். சாப்பாடு கொடுக்கும்போது வாசலில் நின்று கேளுங்கள். டப்பா மூடியில் என்ன ஒட்டியிருக்கிறீர்கள்?

மதியச்சாப்பாடு_பெரும்பாக்கம்

மூடியில் ஒரு ஸ்டிக்கர். மேலே ஜிபே எண், கீழே வாட்ஸ்அப் எண். ஜிபே என் வீட்டுக்காரர் எண்ணில் இருக்கிறது.

டிபன்_பாக்ஸ்_மேடவாக்கம்

பாதிப் பேர் மேலே இருக்கிற எண்ணைத்தான் சேவ் செய்திருப்பார்கள். உங்கள் வீட்டுக்காரர் ஸ்டேட்டஸை யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று அவர் போனில் பாருங்கள்.

மதியச்சாப்பாடு_பெரும்பாக்கம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நீங்கள் சொன்னதுதான். ஆறாவது மாடி அம்மா போனை எடுத்துக் காட்டினார், "சாப்பாடு" என்று அழகாக சேவ் செய்திருக்கிறார், எண் என் வீட்டுக்காரருடையது. என் வீட்டுக்காரர் தன் ஸ்டேட்டஸில் மகள் பிறந்தநாள் படம் ஒன்று போட்டிருந்தார், அதை 22 பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் பதினோரு பேர் என் வாடிக்கையாளர்கள்!

ஸ்டிக்கரை மாற்றி வாட்ஸ்அப் எண்ணை மட்டும் வைத்தேன். பணத்துக்கான கியூஆர் தனி அட்டையில் கொண்டுபோகிறேன். வாசலில் நிற்கும்போதே என் கான்டாக்டை அவர்கள் சாட்டுக்கு அனுப்பி, சேர்க்கிற பட்டனை அழுத்தச் சொல்கிறேன். அரை நிமிடம் ஆகிறது. நேற்று மறுபடி பிராட்காஸ்ட் அனுப்பினேன், 97 பேருக்குப் போனது. ஸ்டேட்டஸை 64 பேர் பார்த்திருக்கிறார்கள். ஆர்டர் 21, 22 வருகிறது. எட்டரைக்கு அழித்துவிடுவதால் பழைய மெனு குழப்பம் ஒருமுறைகூட வரவில்லை.

ஒரு சந்தேகம் பாக்கி. ஏழெட்டு வீட்டில் நான் வாங்கியிருப்பது கணவர் எண். அவர் ஆபீஸில் இருப்பார், ஸ்டேட்டஸ் பார்க்க மாட்டார். வீட்டில் இருக்கும் அம்மாவின் எண்ணை எப்படிக் கேட்பது? சிலர் தயங்குகிறார்கள்.

நாவலூர்_தம்பி

சேனல் ஒன்று ஆரம்பியுங்கள் அக்கா. அதற்கு யாரும் யாரையும் சேவ் செய்ய வேண்டாம், எண்ணும் தெரியாது.

டிபன்_பாக்ஸ்_மேடவாக்கம்

சேனலில் பார்ப்பார்கள், ஆனால் ஸ்டேட்டஸுக்குக் கீழே பதில் எழுதுவது போல அங்கேயே ஆர்டர் சொல்ல முடியாது. தனியாக உங்கள் சாட்டைத் தேடி வர வேண்டும். நான் முயற்சி செய்தேன், எனக்கு ஓடவில்லை. உங்கள் அபார்ட்மெண்ட்டில் எப்படியோ.

எண் கேட்கும் விஷயத்தில் நான் கேட்பதே இல்லை. என் எண்ணை அந்த அம்மாவிடம் சீட்டில் எழுதிக் கொடுத்து, "உப்பு காரம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி அனுப்புங்கம்மா" என்பேன். பத்தில் ஆறு பேராவது அனுப்புவார்கள்.