ஏ/பி டெஸ்டுக்கு சாம்பிள் சைஸ்: ஒரு கால்குலேட்டர் 322, இன்னொன்று 2 லட்சம். எது சரி?

கடைவீதி: ஆன்லைன் கடையில ஒரு டெஸ்ட் ஓட்டணும். கன்வெர்ஷன் 5% ஏறும்னு எதிர்பார்க்கிறோம். ஒரு கால்குலேட்டர் குழுவுக்கு 322 பேர் போதும்னு சொல்லுது. இன்னொண்ணு 2 லட்சத்துக்கு மேல கேக்குது. ஒரு வாரத்துல முடிவு சொல்லணும். அவசரம், உதவுங்க.

தென்றல்: இப்போ கன்வெர்ஷன் எவ்வளவு? ஒரு நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்க? எதை மாத்துறீங்க?

மெயில்காரன்: 2 லட்சமெல்லாம் வேண்டாம் ப்ரோ. எங்க மெயில்ல சப்ஜெக்ட் வரியை மாத்திப் பார்த்தப்போ குழுவுக்கு 1,100 பேரே போதுமா இருந்துச்சு.

கடைவீதி: 3%. தினம் 6,000 பேர்.

மூத்தவர்: கேள்வியை ஒழுங்காகக் கேட்டாலே பாதி பதில் வந்துவிடும். 5% என்றால் எதில் 5%? 3 என்பது 8 ஆகுமா, 3.15 ஆகுமா? முதலாவது உங்கள் 322. இரண்டாவது உங்கள் 2 லட்சம். இரண்டு கால்குலேட்டரும் சரிதான், நீங்கள் இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள்.

மெயில்காரரே, உங்களுடையது 20%லிருந்து 25%க்குப் போகும் ஓப்பன் ரேட்டாக இருக்கும். அதற்கு 1,100 சரி. இவருக்குப் பொருந்தாது.

கடைவீதி: 3.15 தான் சார்.

தென்றல்: அப்போ R-ல நேரா போட்டுப் பாருங்க:

```
power.prop.test(p1 = 0.03, p2 = 0.0315, power = 0.8)
```

குழுவுக்கு சுமார் 2.08 லட்சம் வரும். மொத்தம் 4.16 லட்சம், தினம் 6,000 பேர்னா 69 நாள். வித்தியாசம் பாதியானா தேவைப்படுற ஆள் நாலு மடங்காகும். அதனாலதான் சின்ன ஏற்றத்தைப் பிடிக்க இவ்வளவு கூட்டம் வேணும். அந்த 6,000ல நேத்து வந்தவங்களே இன்னைக்கும் வந்திருந்தா, புது ஆள் குறைவு. நாள் இன்னும் நீளும்.

வேகம்: இவ்வளவு எதுக்கு? தினம் பாருங்க, p 0.05க்குக் கீழே போன அன்னைக்கு நிறுத்திடுங்க. ஒரு வாரத்துலயே தெரிஞ்சாலும் தெரியலாம்.

தென்றல்: அதுதான் ஆபத்து. ஒரே பக்கத்தை ரெண்டு குழுவுக்கும் காட்டி, சம இடைவெளியில 10 தடவை இப்படிப் பார்த்தா, சுமார் 19% நேரம் எங்கேயாவது ஒரு இடத்துல "வெற்றி"ன்னு காட்டும். நீங்க நினைச்சது 5%.

ஒரு வாரம் மட்டும் ஓட்டினா என்ன ஆகும்னும் பார்க்கலாம். குழுவுக்கு 21,000 பேர். ஸ்டாண்டர்ட் எரர் 0.17 புள்ளி. அதனால 0.33 புள்ளி வித்தியாசம் வந்தாத்தான் p 0.05க்குக் கீழே போகும். 3%க்கு மேல அது 11% ஏற்றம். உண்மையான ஏற்றம் 5%ன்னா, இந்த டெஸ்ட் ஜெயிக்கிற ஒவ்வொரு தடவையும் குறைஞ்சது ரெண்டு மடங்கு ஊதிக் காட்டித்தான் ஜெயிக்கும். அப்புறம் விற்பனையில அந்த 11% வரவே வராது.

பேய்ஸ்பிரியன்: பேய்சியன் முறைக்கு மாறினா இந்தத் தலைவலியே இல்ல. எப்போ வேணும்னாலும் நிறுத்தலாம்.

மூத்தவர்: தரவில் இல்லாத தகவலை பேய்ஸ் எங்கிருந்து கொண்டுவருவார்? தட்டையான பிரையர் வைத்துக்கொண்டு "B சிறந்தது 95%" வந்ததும் நிறுத்தினால், அதே தவறான வெற்றிகள்தான்.

பேய்ஸ்பிரியன்: தட்டையா வைக்கணும்னு யார் சொன்னா? பழைய டெஸ்டுகள்ல வந்த ஏற்றங்களை வெச்சு பிரையர் போட்டா, ஊதின எண் தானா சுருங்கும்.

மூத்தவர்: சுருங்கும். அதே பிரையர் முடிவையும் தள்ளிப்போடும். ஒரு வாரம் போதாது என்பது மாறவில்லை.

தென்றல்: ரெண்டு பேரும் தனி இழை போடுங்களேன். கடைவீதி, எதை மாத்துறீங்கன்னு நீங்க இன்னும் சொல்லல.

கடைவீதி: செக்அவுட் பக்கத்துல டெலிவரி கட்டணத்தை மேலேயே காட்டுறோம். அதுவரைக்கும் வர்றவங்க தினம் 600 பேர்.

தென்றல்: இதை முதல்லயே சொல்லியிருக்கணும்! மீதி 5,400 பேர் மாற்றத்தைப் பார்க்கவே இல்ல. அவங்களைக் கணக்குல சேர்த்தா இரைச்சல்தான் கூடும். செக்அவுட்டுக்கு வந்த 600 பேரை மட்டும் எண்ணுங்க. தினம் 180 ஆர்டர், அதாவது 30%. அது 31.5% ஆகணும். குழுவுக்கு சுமார் 14,900 பேர். 69 நாள் இப்போ 50 நாளாச்சு.

ஒரு நிபந்தனை: குழு பிரிக்கிறது அந்தப் பக்கம் திறக்கும்போதே நடக்கணும், ரெண்டு குழுவுலயும் வந்தவங்க எண்ணிக்கை ஏறக்குறைய சமமா இருக்கணும். 15,000க்கு 14,300ன்னு வந்தா, பிரிக்கிற இடத்துல பிழை. முடிவைப் பார்க்காம அதை முதல்ல சரிசெய்யுங்க.

மூத்தவர்: குக்கீயையும் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் வைக்கும் குக்கீயை சஃபாரி 7 நாளில் அழித்துவிடும். திரும்பி வருபவர் எதிர்க் குழுவில் விழலாம். லாகின் ஐடியை வைத்துப் பிரியுங்கள்.

கடைவீதி: நிறைய பேர் லாகின் பண்ணாமத்தான் வாங்குறாங்க…

மூத்தவர்: அப்படியானால் குக்கீயை சர்வரிலிருந்து வையுங்கள்.

கடைவீதி: 7 வாரத்துக்கு மேனேஜர் ஒத்துக்கல. குறிப்பிட்ட தொகைக்கு மேல டெலிவரி இலவசம்னு பெரிய மாற்றமா போடலாம்னு பேச்சு. 10% ஏற்றம்னா குழுவுக்கு 3,760, ரெண்டு வாரத்துல முடிஞ்சிரும். நன்றி.

தென்றல்: 10% வரும்னு நம்பக் காரணம் இருந்தா சரி. நாள் குறையணும்னு எண்ணை மாத்தியிருந்தா, பழைய நிலைமைதான். இலவச டெலிவரி செலவையும் சேர்த்து, ஆளுக்கு லாபத்தை அளக்கப் போறீங்களா? அதுக்கு இந்தக் கணக்கு செல்லாது.