கூட்டினால் ப்ளூபிரிண்ட்டோடு ஒத்துப்போகிறது, ஆனாலும் "மின்னோட்டவியல் போதாது" என்று தாள் திரும்பி வந்திருக்கிறது

பாலக்கோடு டீச்சர்:

எங்கள் பக்கத்தில் மூன்று பள்ளிகள் சேர்ந்து பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு ஒரே தாளில் இடைத்தேர்வு வைக்கிறோம். நான்கு பாடம், 50 மார்க். தாள் எடுப்பவர் ஒருவர், ப்ளூபிரிண்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் இன்னொருவர். இந்த முறை ஒப்பிடும் வேலை என்னிடம் வந்தது.

ப்ளூபிரிண்ட்டில் ஒளியியல் 12, மின்னோட்டவியல் 15, கரைசல்கள் 10, மரபியல் 13. தாளில் உள்ள வினாக்களைப் பாடவாரியாக எண்ணியது இது:

| | ஒளியியல் | மின்னோட்டவியல் | கரைசல்கள் | மரபியல் |
|---|---|---|---|---|
| அ: 1 மார்க், 10-ம் எழுத வேண்டும் | 3 | 3 | 2 | 2 |
| ஆ: 2 மார்க், 7-ல் 5 | 2 | 2 | 2 | 1 |
| இ: 4 மார்க், 6-ல் 4 | 1 | 2 | 2 | 1 |
| ஈ: 7 மார்க், அல்லது வினா, 2 | 1 | 1 | 0 | 2 |

சாய்ஸையும் சேர்த்துக் கூட்டினால் தாளில் மொத்தம் 76 மார்க் வருகிறது. அதில் ஒளியியல் 18, மின்னோட்டவியல் 22, கரைசல்கள் 14, மரபியல் 22. மின்னோட்டவியலுக்கு 22 இருக்கும்போது அது போதாது என்று எப்படிச் சொல்கிறார்கள்? தாளைப் பார்த்த மூத்த ஆசிரியர் அந்த ஒரு வரிக்கு மேல் எதுவும் எழுதவில்லை. 76-ஐ 50-ஓடு எப்படி ஒப்பிடுவது என்றும் யாராவது சொன்னால் நல்லது.

காரிமங்கலம் இயற்பியல்:

டீச்சர், இதில் குழப்பமே இல்லை. ஒவ்வொன்றையும் 76-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்குங்கள். ஒளியியல் 11.8, மின்னோட்டவியல் 14.5, கரைசல்கள் 9.2, மரபியல் 14.5. ப்ளூபிரிண்ட்டோடு ஒன்றரை மார்க்குக்கு மேல் எங்கும் வித்தியாசம் இல்லை. முழு எண்ணாக அச்சு அசலாக யாருக்கும் வராது. தாள் சரியாகத்தான் இருக்கிறது, பெரியவர் மேலோட்டமாகப் பார்த்திருப்பார்.

ஓசூர் அப்பா:

என் பையனும் பத்தாவதுதான் படிக்கிறான். இந்த ப்ளூபிரிண்ட்டை வைத்து எந்தப் பாடத்தை விட்டுவிடலாம் என்று சொல்ல முடியுமா? கணக்கு வரும் பாடம் என்றாலே பயப்படுகிறான்.

ஊத்தங்கரை சார்:

ஓசூர் அண்ணா, நீங்கள் வேறு விஷயம் கேட்கிறீர்கள். ஆனால் டீச்சருக்குத் தேவையான கேள்வி அதுதான்: இந்தத் தாளில் ஒரு பையன் எந்தப் பாடத்தை விட்டுவிட முடியும்?

காரிமங்கலம் சார் போட்ட கணக்கு அச்சான தாளுக்குச் சரி. ஆனால் பையன் 76 மார்க்குக்கும் எழுதப் போவதில்லை. அதனால் மின்னோட்டவியலை அறவே படிக்காத ஒருவனாக உட்கார்ந்து தாளை எழுதிப் பாருங்கள். ஆ பகுதியில் ஏழில் இரண்டை விடலாம், மின்னோட்டவியலிலும் இரண்டுதான் இருக்கிறது, விட்டாயிற்று. இ பகுதியில் ஆறில் இரண்டை விடலாம், அங்கேயும் இரண்டுதான். ஏழு மார்க்கில் டீச்சர் சொல்லவில்லை, ஆனால் 24-ல் ஒரு பக்கம் ஒளியியல், மறு பக்கம் மின்னோட்டவியல் என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஒளியியலை எழுதிவிட்டு வந்துவிடலாம். அவன் இழப்பது மூன்று ஒரு மார்க் கேள்விகள் மட்டும். மின்னோட்டவியல் புத்தகத்தைத் திறக்காமலே 47 வாங்கலாம்.

ப்ளூபிரிண்ட்டில் அதிக மார்க் இருப்பது அந்தப் பாடத்துக்குத்தான். பெரியவர் மேலோட்டமாகப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

பாலக்கோடு டீச்சர்:

ஆமாம் சார், 24 அ ஒளியியல், 24 ஆ மின்னோட்டவியல். 25-ல் இரண்டு பக்கமும் மரபியல். இப்போது மற்ற பாடங்களுக்கும் அதே மாதிரி குறைந்தபட்சம், அதிகபட்சம் போட்டுப் பார்த்தேன். ஒளியியல் 3 முதல் 18, மின்னோட்டவியல் 3 முதல் 22, கரைசல்கள் 2 முதல் 14, மரபியல் 9 முதல் 15. மரபியலில் மட்டும்தான் யாரும் தப்பிக்க முடியாது.

எத்தனை கேட்டு எத்தனை எழுத வேண்டும் என்ற அமைப்பை மாற்ற எனக்கு அனுமதி இல்லை. வினாக்களை மட்டும் மாற்றலாம்.

ஊத்தங்கரை சார்:

அமைப்பை மாற்றாமலே இரண்டு காரியம் செய்யலாம். முதலாவது கட்டாய வினா. பொதுத்தேர்வுத் தாளில் 22-ம் 32-ம் கட்டாயம் என்று இருப்பது போல, உங்கள் தாளில் ஆ பகுதியின் கடைசியான 17-ஐயும் இ பகுதியின் கடைசியான 23-ஐயும் கட்டாயம் ஆக்கி, இரண்டிலும் மின்னோட்டவியலை வையுங்கள். புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை, இருக்கும் வினாக்களை இடம் மாற்றினால் போதும்.

இரண்டாவது 24. பாடம் பிரிந்து நிற்கும் அல்லது வினா எப்போதுமே சந்தேகத்துக்குரியது. அ பக்கமும் ஆ பக்கமும் ஒரே பாடம், ஒரே கடினம், ஒரே திறன் என்று இருந்தால்தான் எதை எழுதினாலும் ஒன்று என்று ஆகும். அதனால் இரண்டு பக்கத்தையும் (i) ஒளியியல் 4, (ii) மின்னோட்டவியல் 3 என்று உடைத்துவிடுங்கள். அப்போது மின்னோட்டவியல் 12 முதல் 18-க்குள் வரும், ப்ளூபிரிண்ட் கேட்பது 15. ஒளியியல் 7 முதல் 15, கேட்பது 12. இரண்டும் நடுவாந்திரமாக உட்காருகின்றன.

காரிமங்கலம் இயற்பியல்:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கரைசல்கள் அப்படியே 2-லேயே நிற்கிறதே? 25-ஐயும் அதே மாதிரி மரபியல் 4, கரைசல்கள் 3 என்று உடைத்தால் என்ன?

ஊத்தங்கரை சார்:

போட்டுப் பார்த்தேன் சார். கரைசல்கள் 5-க்கு ஏறும். ஆனால் மரபியலில் எல்லாவற்றையும் எழுதுபவனுக்கே 12-தான் கிடைக்கும், ப்ளூபிரிண்ட் கேட்பது 13. அதிகபட்சமே ப்ளூபிரிண்ட்டுக்குக் கீழே போனால் அந்தத் தாள் எந்த மாணவனுக்கும் பொருந்தாது. அதைவிட கரைசல்களில் குறைந்தபட்சம் 2 இருப்பதே மேல் என்பது என் கருத்து. பெரியவர் அதை ஏற்பாரா என்பது தெரியாது.

காரிமங்கலம் இயற்பியல்:

இருக்கட்டும். இந்த வேலையில் கடின நிலைக்கு ஒரு பத்தி, திறனுக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாக ஏன் நிரப்ப வேண்டும்? அறிவு என்றால் எளிது, பயன்பாடு என்றால் கடினம். ஒன்று போட்டால் இன்னொன்று தானாக வந்துவிடும்.

வேப்பனப்பள்ளி டீச்சர்:

அது எங்கள் வகுப்பில் ஒத்துவராது சார். பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்குதான் பேசுகிறார்கள். நான்கு வரிக்குக் கதை சொல்லி ஒரு எளிய பயன்பாட்டுக் கேள்வி கேட்டால், கதையைப் படித்து முடிப்பதற்குள் திணறிவிடுகிறார்கள். அதே கேள்வியை இரண்டு சின்ன வாக்கியமாக உடைத்துக் கொடுத்தால் போட்டுவிடுகிறார்கள். அங்கே கடினம் மொழியில்தான் இருந்தது, அறிவியலில் இல்லை. ப்ளூபிரிண்ட்டில் அதைக் காட்ட எந்தப் பத்தியும் கிடையாது.

ஊத்தங்கரை சார்:

மேடம் சொல்வது சரி. காரிமங்கலம் சாருக்கு மறுபக்கமும் ஒன்று: மெண்டல் எடுத்துக்கொண்ட பட்டாணிச் செடியின் ஏழு பண்புகளையும் வேறுபட்ட வடிவங்களோடு எழுதச் சொல்லுங்கள். நினைவிலிருந்து எழுதுவதுதான், ஆகவே அறிவு. ஆனால் ஏழையும் தப்பில்லாமல் எழுதுபவர்கள் கொஞ்சம் பேர்தான். புன்னட் கட்டம் போட்டு 3:1 காட்டு என்றால் அது எங்கள் பையன்களுக்குக் கை வந்த விஷயம். அந்த இரண்டு பத்தியையும் ஒன்றாக்க முடியாது.

பாலக்கோடு டீச்சர்:

திறன் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் கேட்டுவிடுகிறேன். பயன்பாட்டுக்கு ப்ளூபிரிண்ட் 50-க்கு 10 கேட்கிறது. தாளில் பயன்பாடு என்று குறித்திருப்பவை 76-க்கு 16, அதாவது 50-க்குக் கிட்டத்தட்ட பத்தரை. ஐந்து வினாக்கள், ஐந்துமே கணக்கு. தாள் எடுத்த சார் கணக்கு என்றாலே பயன்பாடு என்று போட்டுவிட்டார் போலிருக்கிறது. 23-க்கு நாங்கள் வைக்கப்போகும் வினா இது: "5 ஓம், 3 ஓம், 2 ஓம் மின்தடையாக்கிகள் தொடரிணைப்பில் 10 V மின்கலனுடன் இணைக்கப்பட்டுள்ளன. தொகுபயன் மின்தடை, மின்னோட்டம் காண்க."

ஊத்தங்கரை சார்:

இந்தக் கணக்கு வகுப்பில் போர்டில் போட்டதா?

பாலக்கோடு டீச்சர்:

போட்டதுதான். அதே எண்கள்.

ஊத்தங்கரை சார்:

அப்படியானால் என் கணக்கில் அது அறிவு, தாராளமாகப் போனால் புரிதல். 5+3+2 = 10 ஓம், 10/10 = 1 A என்று பையனுக்கு விடையே மனப்பாடமாக இருக்கும். "காண்க", "கணக்கிடு" என்ற சொல்லைப் பார்த்துத் திறனைக் குறிக்கக் கூடாது. பையன் அந்த இடத்தில் என்ன செய்கிறான் என்பதைப் பார்க்க வேண்டும்.

எண்களை மாற்றுவதாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. சுற்றை அப்படியே வைத்துக்கொண்டு கேள்வியைத் திருப்புங்கள்: "இதே சுற்றில் 2 ஓம் மின்தடையாக்கி உள்ளே அறுந்துவிட்டது. இப்போது மின்னோட்டம் எவ்வளவு? அறுந்ததை எடுத்துவிட்டு அந்த இடத்தை ஒரு தாமிரக் கம்பியால் இணைத்தால் எவ்வளவு?" அறுந்தால் சுற்று திறந்துவிடும், மின்னோட்டம் சுழி. கம்பி போட்டால் மீதி 8 ஓம், I = V/R, 10/8 = 1.25 A. சூத்திரம் மட்டும் தெரிந்தவன் முதல் கேள்விக்கே 1.25 என்று எழுதுவான். அந்த விடை எத்தனை தாளில் வருகிறது என்று பார்த்தால் போதும், வினா எதைச் சோதித்தது என்று தெரிந்துவிடும். வேப்பனப்பள்ளி மேடத்துக்கும் வாக்கியம் நீளமில்லை.

வேப்பனப்பள்ளி டீச்சர்:

எனக்குச் சரிதான். கட்டாய வினாவாக வைப்பதால் சுற்றுப் படத்தையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள். "உள்ளே அறுந்துவிட்டது" என்பது படத்தில் தெரிந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் எளிது.

காரிமங்கலம் இயற்பியல்:

படத்தில் அறுந்த இடத்தைக் காட்டினால் விடையையே சொன்னதாகிவிடாதா? சுழி என்று பார்த்தே எழுதிவிடுவான்.

பாலக்கோடு டீச்சர்:

அறுபடாத சுற்றை மட்டும் படமாகப் போட்டு, அறுந்ததை வாக்கியத்தில் வைக்கிறேன். 17, 23, 24 மாற்றியாயிற்று. மற்ற நான்கு கணக்குகளில் ஒன்று எங்கள் வகுப்பில் போடாதது. ஆனால் இன்னொரு பள்ளியில் போட்டிருக்கிறார்கள் என்று இப்போதுதான் கேட்டேன். ஒரே வினா அங்கே அறிவு, இங்கே பயன்பாடு. மூன்று பள்ளிக்கும் ஒரே ப்ளூபிரிண்ட் என்றால் அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

ஊத்தங்கரை சார்:

அதை நீக்கிவிட்டு மூன்று பள்ளியிலும் போடாத ஒன்றை வைக்க முடிந்தால் பிரச்சினை இல்லை. முடியாவிட்டால் நான் அறிவு என்றே எண்ணுவேன், பயன்பாட்டில் இரண்டு மார்க் குறைந்தாலும் பரவாயில்லை. என் பள்ளியிலேயே இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். தாளோடு அனுப்பும் ஒப்பீட்டுத் தாளில் அந்த வினாவுக்கு எதிரே "ஒரு பள்ளியில் வகுப்பில் செய்தது" என்று எழுதி வையுங்கள், பெரியவர் முடிவெடுக்கட்டும்.