முன்னால் நின்றவர் என்ன வாங்கினார்?

வேலியோரம் எழுதியது: "சேவையைச் சோதித்துப் படிவம் நிரப்ப, சாதாரண ஆள் போல நடித்து மர்ம வாடிக்கையாளராகப் போகிறவர் கடையில் கண்ணில் படும் எதையும் குறித்துக்கொள்ளலாம். கடை பொது இடம். பெயர் எழுதாத வரை யாருக்கு என்ன நஷ்டம்?"

கள அலைச்சல்:
இதை எழுதியவர் ஒரு படிவத்தையாவது கையில் பிடித்திருப்பாரா என்றே சந்தேகமாக இருக்கிறது. ஊழியரைக் கவனிக்கப் போவது வேறு, வரிசையில் நிற்கும் இன்னொரு வாடிக்கையாளரைக் கவனிப்பது வேறு. ஒழுங்காக நடத்துகிற இடங்களில், 'இப்படி ஆட்கள் வருவார்கள், எந்த நாள், யார் என்று மட்டும் சொல்ல மாட்டோம்' என்று ஊழியரிடம் முன்பே சொல்லிவிடுவார்கள். வரிசையில் நிற்பவரிடம் யார் சொன்னார்கள்?

நான் திருப்பி அனுப்பிய ஒரு மருந்துக்கடைப் படிவம் இருக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், 'வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா' என்று மருந்தாளுநர் கேட்டாரா, இதெல்லாம் சரி. ஆறாவது கேள்வியைப் பாருங்கள்: உங்களுக்கு முன்னால் நின்றவர் ஆணா பெண்ணா, தோராய வயது, என்ன வாங்கினார், எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குக் கவுண்டரை விட்டு நகர்ந்தார். அதற்குக் கீழே 'குறிப்பு' என்று ஒரு பெட்டி.

வேலியோரம்:
பெயர் எங்கே? முகவரி எங்கே? ஒரு பெண், முப்பது வயசு இருக்கும், ஏதோ மாத்திரை வாங்கினாள். உலகத்தில் எத்தனை பெண்கள்! இதற்கு ஒரு பாரதம் பாடுகிறீர்கள்.

கள அலைச்சல்:
உலகத்தில் எத்தனை பெண்கள் என்பதா கேள்வி? அந்தக் கிளையில், இரண்டாம் கவுண்டரில், மாலை 6.42க்கு எத்தனை பெண்கள்? பில் போடும் கணினியில் 6.41க்கும் 6.43க்கும் நடுவே அந்தக் கவுண்டரில் ஒரே ஒரு பில்தான் இருக்கும். அதில் உறுப்பினர் அட்டை தேய்த்திருந்தால் அட்டைக்குப் பின்னால் தொலைபேசி எண். பெயரை நீங்கள் எழுத வேண்டியதே இல்லை, நிமிடம் எழுதிவிட்டீர்கள்.

வேலியோரம்:
அப்படியானால் அவர் என்ன வாங்கினார் என்று கடைக்கு ஏற்கெனவே தெரியும். நம் ஆள் புதிதாக என்ன திருடினார்? நீங்களே உங்கள் வாதத்தை வெட்டிக்கொண்டீர்கள் ஐயா. போன மாதம் கணக்கெடுப்பு விவாதத்திலும் இதே கதைதான்.

கள அலைச்சல்:
போன மாத விவாதத்தில் யார் பாதியில் காணாமல் போனார் என்பது இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

புதிதாக என்ன என்று கேட்டீர்கள். 'குறிப்பு' பெட்டியில் ஒருவர் நிரப்பியிருந்தது: 'குரலைத் தாழ்த்திக் கேட்டார், கூட வந்தவரைத் தள்ளி நிற்கச் சொன்னார், பையில் போடும்வரை பெட்டியைக் கையால் மூடிக்கொண்டார்.' இது எந்த பில்லில் இருக்கும்? கடைக்குத் தெரிந்தது மருந்தின் பெயர் மட்டும். அவருடைய கூச்சத்தை எழுதிக் கொடுத்தது நம் ஆள். அதுவும் கடையோடு நிற்காமல் ஆய்வு நிறுவனத்தின் கோப்புக்கும் போகிறது.

கல்லாப்பெட்டி:
நீங்கள் எல்லாரும் வாடிக்கையாளருக்காக அழுகிறீர்கள். நான் கல்லாவில் இருப்பவள். அட்டை மெஷின் உறைந்துபோய், ஆறு பேர் முறைத்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் ஒரு புண்ணியவான் வந்து 'சிரிக்கவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். அந்த மாத ஊக்கத்தொகை போச்சு. மெஷின் உறைந்ததை எழுதப் படிவத்தில் இடமே இல்லையாம். இதை முதலில் பேசுங்கள்.

கள அலைச்சல்:
மேடம், ஒரே ஒரு வருகையை வைத்து ஒருவரின் பணத்தில் கை வைப்பது அயோக்கியத்தனம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இங்கே பேச்சு ஆறாவது கேள்வி.

கல்லாப்பெட்டி:
உங்களுக்கு ஆறாவது கேள்வி, எனக்குச் சம்பளம்.

அரைக்கிறுக்கன்:
எதற்கு இந்தச் சண்டை? வாசலில் 'இங்கே கவனிக்கிறோம்' என்று ஒரு பலகை மாட்டினால் முடிந்தது. ஆனால் மாட்டினால் எல்லாரும் நல்ல பிள்ளை ஆகிவிடுவார்கள், ஹாத்தார்ன் தொழிற்சாலையில் தங்களைக் கவனிக்கிறார்கள் என்பதாலேயே, விளக்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியதே, அந்த மாதிரி. ஆக ரகசியமாகத்தான் பார்த்தாக வேண்டும். வேலியோரம் பக்கம் ஒரு ஓட்டு.

கள அலைச்சல்:
ஹாத்தார்ன் கதையை எல்லாரும் சொல்கிறார்கள், கணக்கை யாரும் பார்ப்பதில்லை. அந்த விளக்குச் சோதனையின் பழைய பதிவுகளை லெவிட், லிஸ்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் தேடி எடுத்து 2011இல் மறுபடி அலசினார்கள். கதையில் வருகிற அந்தப் பெரிய ஏற்றம் அங்கே இல்லவே இல்லை.

தேன்மொழி:
பாதியை விழுங்கிவிட்டீர்கள். லேசான அறிகுறிகள் சில இருந்தன என்றும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்து வைப்பது உங்கள் வழக்கம்தான்.

கள அலைச்சல்:
'பெரிய ஏற்றம் இல்லை' என்றேன். மறுபடி படியுங்கள். அது கிடக்கட்டும், பெயர் எழுதாவிட்டால் குற்றமில்லை என்பவர்கள் லாட் ஹம்ப்ரீஸ் என்ற சமூகவியல் ஆய்வாளர் செய்ததைப் படித்துவிட்டு வாருங்கள். பூங்காக் கழிப்பறைகளில் ஆண்கள் ரகசியமாகச் சந்திப்பதைக் காவல் நிற்பவர் போல நடித்துக் கவனித்தார். பெயர் கேட்கவில்லை. கார் எண்ணைக் குறித்தார், எண்ணிலிருந்து முகவரி வாங்கினார், ஒரு வருடம் கழித்துத் தோற்றத்தை மாற்றிக்கொண்டு, ஏதோ சுகாதாரக் கணக்கெடுப்பு என்று அவர்கள் வீட்டுக் கதவையே தட்டினார். 1970இல் புத்தகமாக வந்தது. அங்கே கார் எண், இங்கே 6.42.

வேலியோரம்:
கழிப்பறையையும் மருந்துக்கடையையும் ஒன்றாக்குகிற தைரியம் உங்களுக்கு மட்டும்தான் வரும். அவர் அந்த ஆண்களில் ஒருவரையாவது காட்டிக்கொடுத்தாரா? இல்லையே. பெயர் வெளியே வரவில்லை, அதைத்தானே நானும் சொல்கிறேன்.

கள அலைச்சல்:
அவர் காட்டிக்கொடுக்காதது அவருடைய நல்ல குணம். காவல்துறை வந்து பட்டியலைக் கேட்டிருந்தால்? ஒருவரின் நல்ல குணத்தை நம்பிப் படிவம் தயாரிக்க முடியாது.

ஆறாவது கேள்வியை நான் எப்படி மாற்றினேன் என்றால், 'நீங்கள் சேரும்போது வரிசையில் எத்தனை பேர்' என்று மட்டும் வைத்தேன். நேரத்தை நிமிடமாக எழுதாமல் அரை மணிக் கட்டமாக வைத்து, குறிப்புப் பெட்டியில் ஊழியரைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னேன். காத்திருந்த நேரம் அவரவர் சொந்த நேரம், அதை நொடிவரை எழுதிக்கொள்ளட்டும், யாருக்கும் கெடுதலில்லை.

தேன்மொழி:
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முன்னால் நின்றவர் ஒரு தலைவலி மாத்திரை வாங்கினாரா, நீளமான மருந்துச்சீட்டை நீட்டினாரா என்று தெரியாமல் காத்திருந்த நேரத்தை எப்படி ஒப்பிடுவீர்கள்? நீளச் சீட்டுக்காரர்கள் அதிகம் வரும் கிளை உங்கள் படிவத்தில் சோம்பேறிக் கிளையாகத் தெரியும். கல்லாப்பெட்டி மேடத்துக்கு நடந்ததும் அதுதானே.

கல்லாப்பெட்டி:
அப்பாடா, ஒருவராவது படித்தீர்களே.

கள அலைச்சல்:
'ஒரு பொருளா, பலதா' என்று ஒரு டிக் போதும். மருந்தின் பெயர் எதற்கு?

தேன்மொழி:
ஒரே பொருளுக்கும் சில நேரம் கால் மணி ஆகும். குளிர்பெட்டியில் தேடி, அளவை விளக்கி, மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு. உங்கள் டிக் அதைப் பிடிக்காது.

கள அலைச்சல்:
பிடிக்க வேண்டாம். ஒரே கிளைக்கு வெவ்வேறு நேரத்தில் பல பேரை அனுப்புங்கள், அந்த ஏற்ற இறக்கம் ஓரளவு சமன் ஆகிவிடும். செலவு கூடும் என்பதால்தான் யாரும் செய்வதில்லை, அதை மறைக்கத்தான் முன்னால் நிற்பவரின் பையைப் பார்க்கிறார்கள்.

தேன்மொழி:
அந்தக் கிளைக்கு எப்போதுமே நீளச் சீட்டுதான் வருகிறதென்றால் நூறு பேரை அனுப்பினாலும் சமன் ஆகாது. இதற்குப் பதில் வரவில்லை.

அரைக்கிறுக்கன்:
நான் என் ஓட்டைத் திரும்ப வாங்கலாமா?

வேலியோரம்:
வேண்டாம், வைத்திருங்கள். இத்தனை நீளம் எழுதியும் கள அலைச்சல் ஒரு பெயரைக்கூடக் காட்டவில்லை, கவனித்தீர்களா?

கள அலைச்சல்:
6.42. எத்தனை தடவை சொல்வது?

வேலியோரம்:
அது நேரம் ஐயா. பெயர் இல்லை.