முதல் பத்து நூல்கள்: தஞ்சை வயல் ஆய்வுக்கு நான் பட்டியல் போட்ட அனுபவம்

மலர்விழி
சமூகவியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காவிரி டெல்டாவில் நிலவுடைமையாளருக்கும் தலித் விவசாயக் கூலிகளுக்கும் இடையிலான உறவு எப்படி மாறியது என்பதுதான் ஆய்வேட்டின் தலைப்பு. மூன்று வாரத்தில் பத்து நூல், கட்டுரைகள் கொண்ட தொடக்கப் பட்டியலோடு வரும்படி நெறியாளர் சொன்னார்.

முதல் பத்து நாட்களை வீணாக்கினேன். கூகுள் ஸ்காலரில் இந்தியா, சாதி, கிராமம் என்று தேடி, கண்ணில் பட்டதையெல்லாம் இறக்கி வைத்தேன். 143 கோப்புகள் சேர்ந்தன. ஒன்றைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. பிறகு அவற்றை ஒதுக்கிவிட்டு, என் கேள்விக்கு மிக அருகில் இருக்கும் ஒரே ஒரு நூலை எடுத்தேன். தஞ்சை மாவட்டத்தின் ஒரு கிராமத்தைப் பற்றி ஆந்த்ரே பெத்தேய் 1965இல் வெளியிட்ட நூல் அது. அதன் நூற்பட்டியலைப் பிடித்துப் பின்னோக்கிப் போனேன். பிறகு ஸ்காலரில் அந்த நூலின் கீழே இருக்கும் `Cited by` இணைப்பை அழுத்தி, அதை மேற்கோள் காட்டியவர்களைப் பிடித்து முன்னோக்கி வந்தேன். இரண்டு நாளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் யாருடையவை என்று தெரிந்துவிட்டது.

அப்போதும் ஒரு தவறு செய்துகொண்டிருந்தேன். இன்றைய எழுத்தில் மட்டுமே ஊர்ப்பெயரைத் தேடியதால் பழைய ஆய்வுகளில் பாதி வரவேயில்லை. இப்போது இப்படித் தேடுகிறேன்:

```
("Tanjore" OR "Thanjavur" OR "Tanjavur") caste "agricultural labourers"
```

மக்களைக் குறிக்கும் சொல்லும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1950களின் கட்டுரையில் தலித் என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. அக்காலத்தவர் ஹரிஜன், ஆதிதிராவிடர் என்றோ, பள்ளர், பறையர் என்று சாதிப்பெயராகவோதான் எழுதினார்கள். அவற்றையும் தனித்தனியே தேட வேண்டியிருந்தது.

உங்கள் முதல் பட்டியலை எப்படித் தொடங்கினீர்கள்? சாதிக் கோட்பாட்டுக்குப் பெயர்போன லூயி துய்மோனைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

கதிரவன்
என் வழி எளியது. 2015க்கு முன் வந்தவற்றைத் தொட மாட்டேன். மிஞ்சியதில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட முதல் பத்தை எடுத்துக்கொள்வேன். புதிய கட்டுரையின் முதல் ஐந்து பக்கத்திலேயே பழையவற்றின் சாரம் இருக்கும்போது அறுபது ஆண்டுப் பழைய நூலை ஏன் தேட வேண்டும்?

பேராசிரியர் சிவகாமி
மலர்விழி, நீங்கள் போன பாதை சரியானது. கதிரவன் தம்பி சொல்வதிலும் பாதி உண்மை. அண்மைக் கட்டுரை ஒன்றில் தொடங்குவது நல்லது, அதன் நூற்பட்டியல் உங்களுக்கு வரைபடம்போல் உதவும். ஆனால் பழையவற்றின் சாரம் அதில் இருக்கிறது என்று நம்பாதீர்கள். பெத்தேய் சாதியின் பிடி உடைந்துவிட்டதாகச் சொன்னார் என்று எழுதும் ஆய்வேடுகளை ஆண்டுதோறும் திருத்துகிறேன். அவர் சொன்னது வேறு. முன்பு சாதியில் மேலிருந்தவர்களிடமே நிலமும் அதிகாரமும் இருந்தன. அந்த மூன்றும் இப்போது ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கிவிட்டன, ஊராட்சி அதிகாரம் பிராமணரிடமிருந்து பிராமணரல்லாதார் கைக்குப் போயிருக்கிறது என்பதே அவர் வாதம். மூலநூலைத் திறக்காமல் இந்த வேறுபாடு பிடிபடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் பட்டியலை வெளியீட்டு ஆண்டுப்படி அடுக்காதீர்கள், களப்பணி நடந்த ஆண்டுப்படி அடுக்குங்கள். கேத்லீன் காஃப் தஞ்சைக் கிராமங்கள் பற்றி எழுதிய பெரிய நூல் 1981இல் வந்தது. அதிலுள்ள களப்பணியோ 1951 முதல் 1953 வரை நடந்தது. பெத்தேயின் நூல் 1965இல் வந்தாலும் அவர் ஊரில் இருந்தது 1961, 62இல். ஆக, பதினாறு ஆண்டு பிந்தி வந்த நூல் பத்தாண்டு முந்திய தஞ்சையைக் காட்டுகிறது. காஃப் 1976இல் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார். அந்த மறு ஆய்வு 1989இல் நூலாயிற்று.

உங்கள் தலைப்புக்கு இது உயிர்நாடி. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. கூலிப் போராட்டத்தின் நடுவே கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25 அன்று. எந்த ஆய்வாளர் இவற்றுக்கு முன் வயலில் நின்றார், யார் பின் நின்றார் என்று தெரியாமல் எது எப்போது மாறியது என்று எப்படிச் சொல்வீர்கள்? ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: ஆசிரியர், களப்பணி ஆண்டு, ஊர், உங்கள் கேள்விக்கு அவர் தரும் விடை. நான்காவது பத்தியை ஒரே வாக்கியத்தில் நிரப்ப முடியவில்லை என்றால் அந்த நூலை நீங்கள் இன்னும் படிக்கவில்லை.

ஊர்ப்பெயரிலும் கவனம் வேண்டும். பெத்தேயின் ஸ்ரீபுரமும் காஃபின் கும்பாப்பேட்டையும் புனைபெயர்கள். அவற்றை வரைபடத்தில் தேடி அலைந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நெசவூர் தமிழரசி
எனக்கும் பட்டியல் இப்படித்தான் சிக்கியது. எங்கள் ஊர் விசைத்தறித் தொழிலாளர்களைப் பற்றி எழுத நினைத்து ஊர்ப்பெயரைப் போட்டுத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. யாரும் ஆராயாத களம் என்று மகிழ்ந்து முன்மொழிவில் அப்படியே எழுதிவிட்டேன். நேர்காணலில் ஒருவர், குமாரபாளையம், பவானித் தறித் தொழிலாளர்களைப் பற்றிக் கேர்ட் டி நேவ் 2005இல் எழுதிய நூலைப் படித்தாயா என்று கேட்டார். நான் அதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. எங்கள் ஊர் அதில் இல்லைதான். ஆனால் முதலாளி தொழிலாளிக்குத் தரும் முன்பணம் பற்றி நான் கேட்க நினைத்த கேள்வியை அவர் அருகிலேயே கேட்டு முடித்திருந்தார். அன்று இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊர்ப்பெயரோடு தொழிலின் பெயர், முன்பணம் போன்ற வேலை உறவின் பெயர் இரண்டையும் வைத்துத் தேடுங்கள்.

ஒரு சந்தேகம்: நூல்களைச் சேமித்து வைக்க எந்த மென்பொருள் நல்லது? அதைத்தான் கேட்கிறீர்களா?

மலர்விழி
இல்லை அக்கா, எவற்றைச் சேர்ப்பது என்பதுதான் என் கேள்வி. சேமிக்க ஜொட்டேரோவை வைத்திருக்கிறேன்.

சிவகாமி அம்மா, நேற்று உங்கள் நான்கு பத்தித் தாளைப் போட்டுப் பார்த்தேன். அதிர்ச்சியாக இருந்தது. என் பத்தில் ஆறு, 1950 முதல் 1962க்குள் நடந்த களப்பணி. 1976க்குப் பிறகு எதுவுமே இல்லை! என் கேள்வியோ இன்றைய நிலை வரை நீள்கிறது. அதனால் காஃபின் 1960 கட்டுரையை எடுத்துவிட்டேன், அதே களப்பணி 1981 நூலில் விரிவாக இருக்கிறது. ஒத்த கருத்தைச் சொன்ன வேறு இரண்டையும் நீக்கினேன். அந்த இடத்துக்கு, இருவேல்பட்டு பற்றி ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் 2010இல் எழுதிய கட்டுரையைச் சேர்த்தேன். ஊர் டெல்டாவில் இல்லை, விழுப்புரம் பக்கம். ஆனால் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் காலத்தில், 1916இல் ஆராயப்பட்ட ஊர் அது. 2008 வரை அங்கே நிலமும் கூலியும் எப்படி மாறின என்று தொடர்ச்சியாகப் பார்க்க முடிகிறது. ஒப்பிட ஓர் ஊர் வேண்டியிருந்தது. மற்ற இரண்டு இடங்கள் இன்னும் காலி.

கதிரவன்
மேற்கோள் எண்ணிக்கை பற்றி நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். பழைய நூலுக்கு அறுபது ஆண்டுகளாக மேற்கோள் சேர்கிறது, நேற்று வந்த நல்ல கட்டுரைக்கு மூன்றுதான் இருக்கும். ஆனால் துய்மோன் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். தூய்மை, தீட்டு பற்றிய அவருடைய 1966 நூல் இல்லாமல் சாதி ஆய்வுப் பட்டியலா?

பேராசிரியர் சிவகாமி
அவர் தமிழகத்தில் களப்பணி செய்தது பிரமலைக் கள்ளரிடையே, மதுரைப் பக்கம். மலர்விழியின் கேள்வி கூலியும் நிலமும். எதிர்வாதமாகத் தேவைப்பட்டால் இரண்டாம் சுற்றில் சேர்க்கலாம். முதல் பத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. என் சக ஆசிரியர்களில் பாதிப்பேர் இதை ஏற்க மாட்டார்கள்.

காலியான இரண்டு இடங்களுக்கு ஷோத்கங்காவில் டெல்டாப் பல்கலைக்கழகங்களின் முனைவர் ஆய்வேடுகளைப் பாருங்கள். அச்சில் வராதவை அங்கே உண்டு, தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும். களப்பணி எத்தனை மாதம், எத்தனை வீடு என்று முறையியல் இயலில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் எடுங்கள்.

மலர்விழி
திங்கட்கிழமை அடையாறு எம்.ஐ.டி.எஸ். நூலகத்துக்குப் போகிறேன். காஃபின் 1989 நூல் என் கல்லூரியில் இல்லை. துய்மோனைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.