தலைப்பில் உள்ளது பேச்சில் இருக்கிறதா? ஒப்பிட உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் மாடித்தோட்ட வீடியோக்களின் தலைப்பு, விளக்கத்தில் உள்ள முக்கியச் சொற்கள் பேச்சில் வருகின்றனவா என்று எழுத்துப்படியோடு பைத்தானில் ஒப்பிடுகிறேன்.

தலைப்பில் "மாவுப்பூச்சி", பேச்சில் "மாவுப்பூச்சிய", "மாவுப்பூச்சிக்கு". சொல்லின் தொடக்கத்தை `startswith()` வைத்துப் பார்த்ததும் இவை பொருந்தின. ஆனால் "பழம்" பேச்சில் "பழத்த", "பழத்துல" என்று மாறிவிடுகிறது. "பழ" என்று சுருக்கினால் "பழைய", "பழக்கம்" எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. பேச்சுவழக்கு விகுதிகளை நீக்கி வேர்ச்சொல் எடுக்க என்ன பயன்படுத்துகிறீர்கள்?

இதைவிட உறுத்துவது இன்னொன்று. ஒரு வீடியோவின் தலைப்பில் "வேப்பெண்ணெய் கரைசல்" இருக்கிறது. பேச்சில் ஒரே இடம், கடைசி நிமிடத்தில்: "வேப்பெண்ணெய் கரைசல் பத்தி அடுத்த வீடியோவுல சொல்றேன்." நிரல் இதைப் பொருத்தம் என்கிறது, பார்ப்பவருக்கு ஏமாற்றம். எத்தனை முறை, எந்த நிமிடங்களில் வருகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.