19.37-ஆ, 8.91-ஆ: ஒரே ஃபோலியோவுக்கு ரெண்டு வருமானமா?

விளக்குத்தூண் ஜவுளி

ஒரு ஈக்விட்டி ஃபண்டுல கையில காசு புரளும்போது போட்டேன், தீபாவளிச் சரக்குக்குக் கொஞ்சம் எடுத்தேன். முகவர் "வருஷத்துக்கு 19.37% வந்திருக்கு, இன்டெக்ஸையே தாண்டிருச்சு" என்கிறார். ஆப்ல XIRR 8.91% காட்டுது. யார் சொல்றது சரி? இந்த ஃபண்டுல தொடரலாமா?

03-04-2023: 2,00,000 போட்டது, என்ஏவி 40
03-04-2024: 6,00,000 போட்டது, என்ஏவி 60
03-10-2024: 1,98,000 எடுத்தது, என்ஏவி 66
02-04-2025: இருப்பு 6,84,000, என்ஏவி 57

மேலூர்க்காரன்

இதுல யோசிக்க என்ன இருக்கு அண்ணாச்சி? XIRR ஒண்ணுதான் உங்க பையில விழுந்த காசு. 19 என்பது முகவர் கமிஷனுக்காகக் காட்டுற நோட்டீஸ் கணக்கு. ஃபண்டு 9% கூடத் தேறல, வெளிய வந்துருங்க.

மாசிவீதி கணக்கு

மேலூர்க்காரரே, அந்த 19.37 பொய்க்கணக்கு இல்லை. என்ஏவி 40-லிருந்து 57 ஆனால் 1.425 மடங்கு. ரெண்டு வருஷம், அதனால் வர்க்கமூலம் எடுத்தால் 1.1937. கால எடை வருமானம் இதுதான். நீங்கள் எப்போது எவ்வளவு போட்டீர்கள் என்பதை அது கண்டுகொள்ளவே செய்யாது. முதல் நாள் போட்ட ஒரு ரூபாயை யாரும் தொடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் சொல்லும். போர்ட்ஃபோலியோ மேனேஜர்கள் தங்கள் வருமானத்தை இந்த முறையில்தான் சொல்ல வேண்டும் என்று செபி வைத்திருப்பதற்கும் அதுவே காரணம். வாடிக்கையாளர் தப்பான நேரத்தில் பணம் கொட்டினால் மேனேஜர் என்ன செய்வார்?

8.91 வந்த விதத்தை யூனிட்டாகப் பிரித்தால் கண்ணுக்குத் தெரியும். முதலில் வாங்கியது 5,000 யூனிட், அடுத்து 10,000, நடுவில் விற்றது 3,000, கையில் இருப்பது 12,000.

முதல் 5,000 யூனிட்டையும் இன்றுவரை வைத்திருந்ததாக எடுத்துக்கொண்டால் யூனிட்டுக்கு 17 ரூபாய், ஆக 85,000 லாபம். 60-க்கு வாங்கிய 10,000 யூனிட் இப்போது 57, அதில் 30,000 நஷ்டம். 3,000 யூனிட்டை 57-க்குப் பதில் 66-க்கே விற்றதால் 27,000 மிச்சம். கூட்டினால் 82,000. போட்டது 8 லட்சம், எடுத்ததும் இருப்பதும் சேர்த்து 8,82,000. கணக்கு நேராகிறது.

50% ஏறிய வருஷத்தில் உள்ளே இருந்தது 2 லட்சம். 5% இறங்கிய வருஷத்தில் அதன்மேல் 6 லட்சம் வந்து உட்கார்ந்திருந்தது. இடைவெளி பூராவும் அங்கேதான் இருக்கிறது.

திருநகர் அக்கா

கணக்கு சார், ஒரு இடம் இடிக்குதே. மியூச்சுவல் ஃபண்டுல முதல்ல வாங்குனதுதான் முதல்ல விற்றதா எடுப்பாங்க. அப்ப அந்த 3,000 யூனிட்டும் 40 ரூபாய்க்கு வாங்குனது, லாபம் 78,000. நீங்க 27,000-னு போட்டிருக்கீங்க. என் ஸ்டேட்மென்ட்லயும் இதே மாதிரிதான் ஏதோ குழப்பம், ஆடிட்டர் ஒண்ணு சொல்றார், ஆப் ஒண்ணு சொல்லுது.

மாசிவீதி கணக்கு

அக்கா, வரிக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. 78,000 நீண்டகால லாபம், வருஷத்துக்கு 1.25 லட்சம் விலக்குக்குள் அடங்கிவிடும், வேறு லாபம் இல்லையென்றால் வரி இல்லை. ஆனால் XIRR-க்கு எந்த யூனிட் போனது என்பதே தெரியாது. எந்தத் தேதியில் எத்தனை ரூபாய் கைமாறியது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நான் காட்டிய 27,000, வைத்திருக்காமல் அன்றைக்கே விற்றதால் கிடைத்த வித்தியாசம். உங்கள் ஆடிட்டர் சொல்வது அநேகமாக வரி லாபமாக இருக்கும், ஆப் சொல்வது வருமான விகிதம். ரெண்டையும் ஒரே தராசில் வைத்தால் குழப்பம் தீராது.

மேலூர்க்காரன்

எப்படிச் சுத்துனாலும் நான் சொன்ன இடத்துக்குத்தானே வர்றீங்க? அண்ணாச்சிக்கு வந்தது 9. ஃபண்டு சுமார்.

மாசிவீதி கணக்கு

இல்லை. 9 வந்ததை வைத்து ஃபண்டை சுமார் என்று சொன்னால், 6 லட்சம் போட்ட தேதிக்கான பழியையும் ஃபண்டின் தலையில் கட்டுகிறீர்கள். அதே சமயம் 19-ஐ வைத்து "இன்டெக்ஸைத் தாண்டிவிட்டது" என்று முகவர் சொல்வதும் பாதிக் கதை. ரெண்டுக்கும் ஒரே வழியில் பதில் கிடைக்கும்: அண்ணாச்சி போட்ட அதே தேதிகளில் அதே ரூபாயை நிஃப்டி 50-ல் போட்டு எடுத்ததாக ஒரு நிழல் கணக்கு.

அந்த நாட்களில் நிஃப்டி முடிந்த புள்ளிகள், முழு எண்ணாக: 17,398, 22,435, 25,250, 23,332. ரூபாயைப் புள்ளியால் வகுத்தால் யூனிட். முதலில் 11.4956, அடுத்து 26.7439, கூட்டினால் 38.2395. எடுத்த 1,98,000-க்கு 7.8416 போகும், மீதி 30.3979. அதை 23,332-ஆல் பெருக்கினால் சுமார் 7,09,200.

அண்ணாச்சியிடம் இருப்பது 6,84,000. அதே தேதி, அதே பணம், இன்டெக்ஸில் 25,000 ரூபாய் கூட இருந்திருக்கும். நிழல் கணக்கின் XIRR 11.6% பக்கம் வருகிறது. டிவிடெண்டைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இத்தனைக்கும் கால எடையில் நிஃப்டி 15.8%, ஃபண்டு 19.37%. முகவர் எண்ணில் பிழையே இல்லை. ஃபண்டு ஜெயித்தது முதல் வருஷத்தில்: நிஃப்டி 29%, ஃபண்டு 50%. அப்போது உள்ளே சின்னப் பணம். ரெண்டாம் வருஷத்தில் நிஃப்டி 4% ஏற, ஃபண்டு 5% இறங்கியது. அப்போதுதான் பெரிய பணம் உள்ளே. கால எடை ரெண்டு வருஷத்துக்கும் சம மதிப்பு கொடுத்ததால் தோல்வி மறைந்துவிட்டது.

மேலூர்க்காரன்

அப்ப வெளிய வரச் சொன்னது சரிதான்!

மாசிவீதி கணக்கு

விடை ஒத்துப்போகலாம், வழி ஒத்துப்போகவில்லை. நிழல் கணக்கு 6% காட்டியிருந்தால் இதே 8.91-ஐ நல்ல வருமானம் என்றுதான் சொல்லியிருப்போம்.

வைகை வடகரை

என்கிட்ட இருக்கிறது ஃபண்டு இல்ல, டீமேட்ல நேரடி ஷேர். என்ஏவி கிடையாது. அண்ணாச்சி கணக்கையே என் ஷீட்ல ஓட்டிப் பார்த்தேன், முதல் வருஷம் 2 லட்சம் 9 லட்சம் ஆச்சு, 350% லாபம்னு வருது. எங்கயோ பிசகு, எங்கேன்னு தெரியல.

மாசிவீதி கணக்கு

பணம் உள்ளே போன பிறகான மதிப்பை எடுத்துவிட்டீர்கள். ஒவ்வொரு வரவு செலவிலும் கணக்கை வெட்ட வேண்டும்: வெட்டுக்கு முந்தைய மதிப்பு ஒரு துண்டின் முடிவு, பிந்தைய மதிப்பு அடுத்த துண்டின் தொடக்கம். 03-04-2024 அன்று புதுப்பணத்துக்கு முன் 3,00,000, பின் 9,00,000. 03-10-2024 அன்று எடுக்கும் முன் 9,90,000, பின் 7,92,000.

```
3,00,000 / 2,00,000 = 1.5000
9,90,000 / 9,00,000 = 1.1000
6,84,000 / 7,92,000 = 0.8636
1.5 × 1.1 × 0.8636 = 1.425
```

57/40 கொடுத்த அதே 1.425. என்ஏவி இருந்தால் இந்த வேலையை அதுவே செய்துவிடுகிறது, நேரடி ஷேருக்கு நாம் செய்ய வேண்டும். அதில் கஷ்டம் அந்தந்த நாள் மதிப்பைப் பிடிப்பதுதான். மாதக்கடைசி ஸ்டேட்மென்ட்டை வைத்து ஒப்பேற்ற வேண்டாம். இருப்பை விடப் பெரிய பணம் மாத நடுவில் உள்ளே வந்த மாதம், துண்டு நிச்சயம் கோணலாகும். என்எஸ்இ பவ்காப்பியில் அன்றைய முடிவு விலை இருக்கும், அதை எடுத்துப் பெருக்குங்கள்.

விளக்குத்தூண் ஜவுளி

நானே ஷீட்ல XIRR போட்டுப் பார்த்தேன். ஆப் சொல்ற 8.91 வரல, 10.55% வருது. எர்ரரும் காட்டல. இப்ப மூணாவதா ஒரு எண்ணா?

மாசிவீதி கணக்கு

அண்ணாச்சி, உங்கள் ஷீட் மாதத்தை முதலில் படிக்கிறது. 03-10-2024-ஐ அது மார்ச் 10 என்று எடுத்துக்கொண்டது, 02-04-2025-ஐ பிப்ரவரி 4 என்று. அந்தத் தேதிகளோடு ஓட்டிப் பார்த்தேன், அச்சாக 10.55-தான் வருகிறது. நாள் 12-க்குள் இருப்பதால் எல்லாமே செல்லும் தேதி, அதனால் எர்ரர் வராது. இந்த ரகத் தப்புதான் மோசம். தேதிக் கட்டத்தை மாதப்பெயர் தெரிகிற மாதிரி மாற்றிப் பாருங்கள், "Mar" என்று பல்லிளிக்கும். இப்படிப் போடுங்கள்:

```
A2 =DATE(2023,4,3)    B2 -200000
A3 =DATE(2024,4,3)    B3 -600000
A4 =DATE(2024,10,3)   B4  198000
A5 =DATE(2025,4,2)    B5  684000
=XIRR(B2:B5,A2:A5)
```

போட்டதற்கு மைனஸ், எடுத்ததற்கும் கடைசி இருப்புக்கும் பிளஸ். கடைசி வரியை விட்டுவிட்டால் போட்டதெல்லாம் கரைந்துபோன மாதிரி வரும்.

விளக்குத்தூண் ஜவுளி

8.91 வந்துருச்சு. எஃப்டியில 7% கிடைச்சிருக்கும், அதுக்கு இது மேல. இன்டெக்ஸுக்குக் கீழ. புதுசா இதுல போடுறத நிறுத்திட்டு, இருக்கிறத அப்படியே விடலாம்னு இருக்கேன்.

மேலூர்க்காரன்

இன்டெக்ஸுக்குக் கீழன்னு தெரிஞ்சும் ஏன் விட்டு வைக்கணும்?

மாசிவீதி கணக்கு

ஒரே ஒரு வருஷம்தானே தோற்றிருக்கிறது. இன்டெக்ஸை 21 புள்ளி முந்திய ஃபண்டு அடுத்த வருஷம் 9 புள்ளி பின்தங்குவது, சின்ன கம்பெனி ஷேர் அதிகம் வைத்திருக்கிற ஃபண்டுக்குச் சகஜம். அண்ணாச்சி ஃபண்டு அந்த ரகமென்றால் நிஃப்டி 50-ஐ விட அதற்கேற்ற இன்டெக்ஸில் நிழல் கணக்கு ஓட்டுவதே முறை. ஃபண்டு எந்த வகை என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

மேலூர்க்காரன்

தோத்தா வேற இன்டெக்ஸைத் தேடுறது, ஜெயிச்சா நிஃப்டியோட ஒப்பிடுறது. முகவரும் அதத்தான சார் பண்றார்?

திருநகர் அக்கா

அது நியாயமான கேள்விதான். அண்ணாச்சி, ஃபண்டு வகையச் சொல்லுங்க, நானும் என் கணக்க அதே மாதிரி ஓட்டிப் பாக்கறேன்.

விளக்குத்தூண் ஜவுளி

ஸ்டேட்மென்ட்ல "ஸ்மால் கேப்"னு போட்டிருக்கு.